கையெழுத்துப் படம் ஏற மாட்டேங்குதா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் சீசன் வந்தால் எங்கள் பிரவுசிங் சென்டரில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்றுதான். போட்டோ ஏறிவிடும், கையெழுத்து ஏறாது. அதைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே கொடுத்து பதிலையும் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஐபிபிஎஸ் அறிவிப்பில் வரும் அளவையே எடுத்துக்கொள்கிறேன்: ஜேபெக் கோப்பு, 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. தலைவலி கொடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். உங்கள் விண்ணப்பத்தில் வேறு எண்கள் இருக்கலாம். எண்ணை அந்த அறிவிப்பில் பாருங்கள், வழிமுறை மாறாது.

1. அண்ணா, என்ன பேனா, என்ன பேப்பர்? நோட்டுல ஒரு தாள் கிழிச்சுப் போட்டா ஆகாதா?

ஆகாது. கோடு போட்ட தாளில் அந்த நீலக் கோடும் கையெழுத்தோடு சேர்ந்து வரும். கோட்டை அழிக்கப் போனால் அது குறுக்கே போகும் இடங்களில் கையெழுத்தும் அறுந்துவிடும். நோட்டுத் தாள் மெல்லிசு என்பதால் பின்பக்கத்து எழுத்தும் நிழலாகத் தெரியும். ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளை ஏ4 தாள் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் இன்னும் இரண்டு தாள் வைத்து எழுதினால் கோடு பிசிறில்லாமல் விழும்.

மை கறுப்பாக இருக்க வேண்டும், அறிவிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. பேனா ஜெல் பேனாவாக இருந்தால் நல்லது. மெல்லிய முனை பால் பாயிண்ட் ஏன் வேண்டாம் என்பது அடுத்த பதிலில்.

2. பெரிசா போடணுமா, சின்னதா போடணுமா?

பேங்க் பாஸ்புக்குக்குப் போடுவது போல இயல்பாகப் போடுங்கள். பெரிசாக எழுத முயன்றால் கை தானாக வேறு மாதிரி போகும். தேர்வு அறையில் வருகைத் தாளில் போடும் கையெழுத்து இதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே தாளில் நல்ல இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை போட்டு, அதில் இயல்பாக விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது கோட்டின் தடிமன்தான். 7 செமீ அகலமுள்ள தாள் பகுதியை 140 பிக்சலாகச் சுருக்கினால் ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீட்டர் வருகிறது. பால் பாயிண்ட் கோடு அதைவிட மெல்லியது. அப்போது கணினி அந்தக் கோட்டையும் பக்கத்து வெள்ளையையும் கலந்து ஒரு சாம்பல் புள்ளியாக்கிவிடும். தாளில் கறுப்பாக இருந்தது திரையில் பென்சிலில் கிறுக்கியது போல வெளிறுவது இதனால்தான். ஜெல் பேனாக் கோடு கொஞ்சம் தடிமன், அதனால் தாங்கும்.

3. ஸ்கேனர்தான் வேணுமா? போன்ல எடுத்தா போதாதா?

போதும். ஆனால் ஸ்கேனரில் ஒரே நிமிஷத்தில் முடிகிற வேலை போனில் எடுத்தால் இழுக்கும். ஸ்கேனர் தாள் முழுக்க ஒரே வெளிச்சம் கொடுக்கிறது, தாளும் வளையாது, கோணலாகாது. போனில் இந்த மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

போனில் எடுப்பதென்றால் பகலில் ஜன்னலோரமாகத் தாளை மேசையில் வைத்து, ஃபிளாஷை அணைத்து, கை நீட்டுகிற உயரத்தில் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் கொண்டு போனால் போனின் நிழலே தாளில் விழும், ஓரத்து எழுத்துகளும் கொஞ்சம் வளையும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று எடுக்காதீர்கள், உங்கள் தலை நிழல் விழும்.

ஸ்கேன் செய்கிற ஆப்களில் இரண்டு தொல்லை. சில இலவச ஆப்கள் படத்தின் கீழே தங்கள் பெயரை அச்சடித்துவிடும். தானாக வெள்ளையாக்கும் ஃபில்டர் மெல்லிய கோடுகளை அங்கங்கே தின்றுவிடும். போன் கேமராவே போதும்.

4. ஸ்கேனர்ல 200 வெக்கணுமா, 300 வெக்கணுமா? கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?

அறிவிப்பில் குறைந்தது 200 டிபிஐ என்றிருக்கும். நான் 300 வைக்கிறேன், காரணம் கையெழுத்து சின்னதாக இருப்பதுதான். கையெழுத்தைச் சுற்றி 4.9 செமீ அகலத்துக்கு வெட்டினால், 200 டிபிஐயில் 386 பிக்சல்தான் கிடைக்கும், 300-ல் 579 கிடைக்கும். பெரிய படத்தைச் சுருக்கினால் தெளிவு கெடாது. சின்னதை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும். 600 வைத்தால் நேரம்தான் வீணாகும்.

நிறம் கலரிலேயே இருக்கட்டும். பிளாக் அண்ட் ஒயிட் என்று ஸ்கேனரில் இருப்பது ஒவ்வொரு புள்ளியையும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை என்று தீர்மானித்துவிடும். கோட்டின் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக ஆகிவிடும்.

5. பிக்சல்ங்கறான், கேபிங்கறான், டிபிஐங்கறான். மூணும் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. பிக்சல் என்பது படத்தில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்ற எண்ணிக்கை. கேபி என்பது அந்தப் படத்தைக் கோப்பாகச் சேமித்தால் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. டிபிஐ என்பது தாளின் ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளியாகப் பிரிக்கிறோம் என்பது. ஸ்கேன் முடிந்தபிறகு டிபிஐக்குப் பெரிய வேலை இல்லை. பிக்சல் எத்தனை இருக்கிறதோ அதுதான் படம்.

சில விண்ணப்பங்களில் 6 செமீ × 2 செமீ என்று செமீயில் கேட்பார்கள். அப்போது மட்டும் டிபிஐ கணக்குக்கு வரும். செமீயை 2.54-ஆல் வகுத்து டிபிஐயால் பெருக்குங்கள். 6 செமீ, 200 டிபிஐ என்றால் 472 பிக்சல். 2 செமீ என்றால் 157.

6. கிராப் பண்றப்ப சுத்தி எவ்ளோ வெள்ளை விடணும்?

நாலு பக்கமும் கொஞ்சம், ஒரு எழுத்தின் அகலத்துக்கு. அறிவிப்பில் எழுதாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 140-க்கு 60 என்பது 7-க்கு 3 என்ற விகிதம். வெட்டும்போதே அந்த விகிதத்தில் வெட்டிவிட்டால் பிறகு எந்த அளவுக்குச் சுருக்கினாலும் எழுத்து நசுங்காது.

கிம்ப் மென்பொருளில் கிராப் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் `Fixed` என்பதை டிக் செய்து `Aspect ratio` தேர்ந்து 7:3 என்று எழுதிவிட்டால், எப்படி இழுத்தாலும் பெட்டி அந்த விகிதத்திலேயே நிற்கும். பெயிண்டில் இந்த வசதி இல்லை. இழுக்கும்போது கீழே பெட்டியின் பிக்சல் அளவு காட்டும், அதைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். 700 அகலம் என்றால் 300 உயரம்.

ரொம்ப வெள்ளை விடுவதும் தப்பு. படத்தின் நடுவில் எறும்பு போலக் கையெழுத்து உட்கார்ந்திருந்தால் ஹால் டிக்கெட்டில் ஒன்றுமே தெரியாது.

7. என் கையெழுத்து உயரமா கீது, கீழ ஒரு சுழி வேற. 7-க்கு 3-ல அடங்கலையே?

நசுக்காதீர்கள். பெயிண்டில் `Resize` பெட்டியில் `Maintain aspect ratio` டிக்கை எடுத்துவிட்டு 140, 60 என்று அடிப்பதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். அளவு சரியாக வரும், கையெழுத்து பக்கவாட்டில் இழுபட்டு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடும்.

உயரத்தை வைத்து வெட்டுங்கள், பக்கத்தில் வெள்ளை சேருங்கள். சுழி வரை உயரம் 600 பிக்சல் என்றால் அகலம் 1400 இருக்க வேண்டும். தாளில் அவ்வளவு காலி இடம் இருந்தால் பிரச்சினையே இல்லை. முதல் பதிலில் முழு ஏ4 தாள் சொன்னதற்கும், இரண்டாவதில் இடைவெளி விட்டுப் போடச் சொன்னதற்கும் இது ஒரு காரணம். இடம் இல்லையென்றால் கிம்பில் `Image` மெனுவில் `Canvas Size` திறந்து அகலத்தைக் கூட்டி, `Center` அழுத்தி, புதிதாக வரும் இடத்துக்கு வெள்ளை நிறம் கொடுங்கள். ஆனால் தாளின் வெள்ளையும் இந்த வெள்ளையும் ஒத்துப்போகாமல் சாம்பல் பெட்டி ஒன்று நடுவில் தெரியும். அதற்கு முன்பே தாளை வெளுக்க வேண்டும், அது 11-வது கேள்வியில்.

8. பெயிண்ட்ல 140, 60 கரெக்டா போட்டேன். இப்போ 10 கேபிக்குக் கம்மின்னு திருப்பி அனுப்புது. இன்னாணா இது?

எங்களிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான். பெரிய கோப்பைச் சின்னதாக்கத் தெரிந்தவர்கள்கூட, சின்னதைப் பெரிதாக்கச் சொன்னால் விழிக்கிறார்கள்.

140-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,400 புள்ளி. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றாலும் சுருக்காத படமே 25,200 பைட், அதாவது 25 கேபிக்கும் கொஞ்சம் கம்மி. அதை ஜேபெக்காகச் சேமிக்கும்போது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகச் சுருக்குகிறது. முழுக்க வெள்ளையாக இருக்கிற கட்டம் இடமே பிடிக்காது. கையெழுத்துப் படத்தில் முக்கால்வாசி வெள்ளைதான். ஆகவே கடைசியில் இரண்டு, மூன்று, நான்கு கேபி என்று வந்து நிற்கும். படம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு கேபி குறையும். போட்டோவில் முகம், முடி, சட்டை என்று எல்லாக் கட்டத்திலும் ஏதோ இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் வருவதில்லை.

வழி என்னவென்றால் விகிதத்தை விடாமல் பிக்சலைக் கூட்டுவது. 140 × 60-ஐ மூன்று மடங்காக்கினால் 420 × 180. இதைக் கிம்பில் 90 பக்கம் `Quality` வைத்து ஏற்றுமதி செய்தால் பெரும்பாலான கையெழுத்துகள் 10-க்கும் 20-க்கும் நடுவில் வந்துவிடும். சுருக்கமான கையெழுத்தாக இருந்து இன்னும் குறைந்தால் 560 × 240 போடுங்கள். கூடினால் `Quality`-யை 80-க்கு இறக்குங்கள். பெயிண்டில் இந்தத் தரத்தை ஏற்றி இறக்க வழி இல்லை, அது தனக்குத் தோன்றியபடி சேமிக்கும். கேபி கணக்கு வருகிற வேலைக்கு அது உதவாது.

கவனம்: ஏற்கெனவே 140 × 60-ஆகச் சுருக்கிய படத்தை எடுத்து 420-க்கு இழுக்காதீர்கள். முதலில் வெட்டி வைத்த பெரிய படத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால் வெட்டியவுடன் அதைத் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள்.

9. அறிவிப்புல 140 x 60ன்னு போட்டிருக்கான். 420 போட்டா ரிஜெக்ட் ஆகிடாதா?

அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். `140 x 60 pixels (preferred)` என்று இருக்கும். அதாவது இந்த அளவு இருந்தால் நல்லது என்கிறார்கள். கேபியைப் பற்றி எழுதும்போது அந்தத் தளர்வு கிடையாது. 10-க்கும் 20-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்கிறார்கள், தளமும் அதைத்தான் சோதிக்கிறது. விண்ணப்பத்தில் உங்கள் படத்தை அந்தப் பெட்டிக்குள் அடக்கித்தான் காட்டுவார்கள், அதனால் விகிதம் சரியாக இருந்தால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. பார்க்கப்போனால் 2-வது பதிலில் சொன்ன வெளிறல் இதில் குறைவு. 7 செமீயை 420 ஆகப் பிரித்தால் ஒரு கோட்டுக்கு இரண்டு மூன்று பிக்சல் கிடைக்கிறது.

10. எனக்கு வேற ஃபார்ம். அதுல பிக்சல் ஒண்ணு மாறினாலும் எடுக்க மாட்டேங்குது. கேபியும் 10 வேணுமாம்.

அப்படியும் சில தளங்கள் இருக்கின்றன. 140 × 60-லேயே கேபியைக் கூட்ட வேண்டும். கிம்பில் `Quality` 100, அதன் கீழே மேம்பட்ட அமைப்பில் `4:4:4 (best quality)` தேர்ந்தெடுங்கள். தாளை வெளுக்காமல் அதன் சொரசொரப்பு அப்படியே இருக்கட்டும், அந்தச் சின்னச் சின்னப் புள்ளிகளே கேபியைக் கூட்டும். ஏற்றுமதிப் பெட்டியில் நிற விவரம், முன்னோட்டப் படம் ஆகியவற்றைச் சேர்த்துச் சேமிக்கும் டிக்குகளும் இருக்கும். அவற்றைப் போட்டால் படம் மாறாமலே இன்னும் சில கேபி ஏறும். எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் 10-ஐத் தாண்டிவிடும்.

கோப்பின் வாலில் வெற்று எழுத்துகளை ஒட்டி எடையை ஏற்றும் குறுக்கு வழி ஒன்றைச் சிலர் செய்கிறார்கள். படம் திறக்கும்தான். ஆனால் வேலை விண்ணப்பத்தில் ஒட்டுப்போட்ட கோப்பைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, கடையில் செய்து கொடுப்பதில்லை.

11. போன்ல எடுத்தது மஞ்சளா, சாம்பலா இருக்கு. வெள்ளையாக்கறது எப்படி?

பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் படத்தை அப்படியே எடுத்துச் சொல்கிறேன். போனில் எடுத்தது, 4000 × 3000 பிக்சல், மூன்று எம்பிக்கு மேல். கையெழுத்து நடுவில். தாள் வெளிர்சாம்பல், மை அடர்சாம்பல். கிம்பில் 7:3 விகிதத்தில் வெட்டியதில் 1470 × 630 கிடைத்தது.

பிறகு `Colors` மெனுவில் `Levels`. அங்கே ஒரு மலை மாதிரி வரைபடம் வரும். வலது பக்கம் பெரிய மேடு, அது தாள். இடது பக்கம் சின்ன மேடு, அது மை. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. இந்தப் படத்தில் தாள் மேடு 170-லிருந்து 195 வரை இருந்தது. வலது முக்கோணத்தை அந்த மேட்டின் இடது அடிவாரத்துக்கு, அதாவது 168-க்குக் கொண்டுவந்ததும் தாள் முழுக்க வெள்ளையானது. இடது முக்கோணத்தை 50-க்கு நகர்த்தியதும் மை கறுத்தது. நடு முக்கோணத்தைத் தொடவில்லை. அடுத்து `Scale Image`-ல் 420 கொடுத்ததும் உயரம் தானாக 180 என்று வந்தது, வெட்டிய விகிதம் சரி என்பதற்கு அதுவே சாட்சி. `Export As` கொடுத்து `Show preview in image window` டிக் செய்தால் கோப்பின் எடை அங்கேயே தெரியும். 13 கேபி காட்டியது, அப்படியே ஏறிவிட்டது.

வலது முக்கோணத்தை ரொம்ப உள்ளே தள்ளினால் மெல்லிய கோடுகள், குறிப்பாகப் பேனாவைத் தூக்குகிற வால்கள், காணாமல் போகும். முந்நூறு நானூறு சதவிகிதம் பெரிதாக்கிப் பாருங்கள், கோடு அறுந்திருந்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நிழல் என்றால் இந்த வித்தை பலிக்காது. நிழல் பக்கம் வெளுப்பதற்குள் வெளிச்சப் பக்கத்து மை கரைந்துவிடும். அதில் உட்கார்ந்து மல்லுக்கட்டாமல் ஜன்னலோரம் போய் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள்.

12. நாங்க கோச்சிங் சென்டர் வெச்சிருக்கோம் சார். பசங்க எல்லாருக்கும் ஒண்ணொண்ணா பண்ண முடியாது. ஏதாவது கமாண்ட் இருக்கா?

இமேஜ்மேஜிக் நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். வெட்டும் வேலையை மட்டும் கையால் செய்து எல்லாக் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அதற்குள் `done` என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கிவிட்டு, படங்கள் உள்ள ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை ஓட்டுங்கள்:

```
magick mogrify -path done -auto-orient -colorspace Gray -level 20%,70% -resize 420x180 -background white -gravity center -extent 420x180 -quality 92 *.jpg
```

`-level` என்பது 11-ல் செய்த அதே முக்கோண வேலை. 70 சதவிகிதத்துக்கு மேல் வெளிச்சமானதெல்லாம் வெள்ளை, 20-க்குக் கீழே எல்லாம் கறுப்பு. `-extent` என்பது 7-ல் சொன்ன வெள்ளை சேர்ப்பது, விகிதம் பிசகினாலும் நசுக்காமல் பக்கத்தை நிரப்பிவிடும். `-path done` என்பதை மறந்தால் மூலப் படங்கள் மேலேயே எழுதிவிடும், ஜாக்கிரதை. முடிந்ததும் `dir done` கொடுத்தால் ஒவ்வொரு கோப்பின் பைட் எண்ணிக்கையும் வரிசையாகத் தெரியும். தப்பி நிற்பதை மட்டும் தனியே சரிசெய்யுங்கள்.

13. .png-ன்னு இருந்ததை .jpg-ன்னு பேர் மாத்திட்டேன். அப்பவும் எடுக்கலை.

பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே தளம் இது பிஎன்ஜி என்று கண்டுபிடித்துவிடும். பெயிண்டில் திறந்து `Save as` வழியாக ஜேபெக் தேர்ந்து சேமித்தால்தான் நிஜமாக மாறும். ஐபோன் கொடுக்கும் `.heic` கோப்புக்கும் இதே கதைதான்.

பின்னணி நீக்கிய பிஎன்ஜியை மாற்றும்போது சில செயலிகளில் படம் முழுக்கக் கறுப்பாகிவிடும். ஒளி ஊடுருவும் பின்னணி ஜேபெக்கில் கிடையாது, அந்த இடத்தைக் கறுப்பால் நிரப்பியிருக்கும். கறுப்பு மேல் கறுப்புக் கையெழுத்து! முதலில் அடியில் வெள்ளை போட்டு ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். பின்னணி நீக்கும் வேலையே இதற்குத் தேவையில்லாதது.

14. கம்ப்யூட்டர்ல நேராதான் இருக்கு. அப்லோட் பண்ணா படுத்துக்குது.

போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. படுத்த மாதிரியே சேமித்துவிட்டு, காட்டும்போது திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கிறது. உங்கள் கணினி அந்தக் குறிப்பைப் படிக்கிறது, அந்தத் தளம் படிக்கவில்லை. கிம்ப் திறக்கும்போது திருப்பவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லி ஏற்றுமதி செய்தால் தீர்ந்தது. 12-ல் உள்ள `-auto-orient` செய்வதும் இதைத்தான்.

15. 10 கேபின்னு காட்டுது, கம்மிங்கறான். இன்னொருத்தனுக்கு 20 காட்டுது, ஜாஸ்திங்கறான். யார் சொல்றது நெசம்?

தளம் சொல்வதுதான். விண்டோஸ் ஃபோல்டர் பட்டியல் கேபியை மேல்நோக்கி முழு எண்ணாக்கிக் காட்டும். 9,300 பைட் கோப்புகூட அங்கே 10 கேபி. மேல் எல்லையிலும் குழப்பம் இருக்கிறது. ஒரு கேபியை 1,024 பைட் என்று எடுக்கிற தளத்தில் எல்லை 20,480, ஆயிரம் என்று எடுக்கிற தளத்தில் 20,000. கோப்பில் வலது கிளிக் செய்து `Properties` போனால் அடைப்புக்குறிக்குள் துல்லியமான பைட் இருக்கும், அதைப் பாருங்கள். அதன் கீழே உள்ள `Size on disk` வேறு கணக்கு, அதைக் கண்டுகொள்ள வேண்டாம். 12-க்கும் 18-க்கும் நடுவில் நிறுத்தினால் எந்தக் கணக்கிலும் தப்பாது.

16. எங்க அப்பா கேபிட்டல் லெட்டர்லதான் போடுவார், எனக்கும் அதே பழக்கம். தமிழ்ல போடலாமா?

ஐபிபிஎஸ் அறிவிப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. பிரித்துப் பிரித்துப் பெயரை எழுதுவது யார் எழுதினாலும் ஒன்று போலவே இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லாததால் அந்த விதி அங்கே வராது. பேங்கில் எப்போதும் தமிழில் போடுகிறீர்கள் என்றால் இங்கும் அதையே போடுங்கள். விண்ணப்பத்துக்காகப் புதிதாக ஒரு கையெழுத்தைக் கண்டுபிடிக்காதீர்கள். ஹால் டிக்கெட்டில் உள்ளதும் தேர்வில் போடுவதும் ஒத்துப்போகாவிட்டால் தகுதி நீக்கம் வரை போகும்.

17. வாட்ஸ்அப்ல அனுப்பறேன் அண்ணா, நீங்களே பண்ணி வெச்சுடுங்க. இல்லன்னா அந்த ஆன்லைன் சைட்ல போட்டுடவா?

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நடுவில் இருக்கும் கையெழுத்துக்குப் போதிய பிக்சல் மிஞ்சாது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடி வரும். முகவரி தெரியாத ஆன்லைன் தளங்களில் கையெழுத்தை ஏற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதை யார் சேமித்து வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

எந்தக் கடையில் செய்தாலும், எங்கள் கடையே ஆனாலும், கிளம்பும் முன் `Downloads` ஃபோல்டரில் உள்ளதை `Shift + Delete` கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். உங்கள் போட்டோ, ஆதார் நகல், கையெழுத்து மூன்றும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும், அடுத்து உட்காருபவர் யாரென்று தெரியாது. வாட்ஸ்அப் வெப்பிலிருந்து கடைக்காரர் வெளியேறினாரா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

18. எல்லாம் ஏறிடுச்சு. பிரிவியூல பார்த்தா போட்டோ இருக்கற இடத்துல கையெழுத்து, கையெழுத்து இடத்துல போட்டோ. பரவாயில்லையா?

பணம் கட்டாதீர்கள், பின்னால் போய் மாற்றுங்கள். இரண்டும் இடம் மாறியிருந்தால் தேர்வு எழுதவே விடமாட்டோம் என்று அறிவிப்பில் எச்சரிக்கிறார்கள். போட்டோவுக்கு 20 முதல் 50 கேபி, கையெழுத்துக்கு 10 முதல் 20. கையெழுத்துக் கோப்பும் போட்டோக் கோப்பும் சரியாக 20 கேபியில் நின்றால் இரண்டு பெட்டியும் இரண்டையும் வாங்கிக்கொள்ளும், தளம் குறுக்கே நிற்காது. 15-ல் சொன்னபடி 12-க்கும் 18-க்கும் நடுவில் வைத்திருந்தால் போட்டோப் பெட்டி அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

கோப்புகளுக்கு `IMG_2041.jpg` என்று விட்டுவைக்காமல் `photo.jpg`, `sign.jpg` என்று பெயர் வையுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், அந்த அறிவிப்பில் திருத்தம் செய்ய நாள் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள், கடைசி நாளில் தளம் நகராது.